அட்டவணை மாற்றமும் ஆசிரியரின் மின்னஞ்சலும்

கால அட்டவணை மாறியதைப் பெற்றோருக்குத் தெரிவிக்கும் மின்னஞ்சலைப் பெரும்பாலும் வகுப்பாசிரியரே எழுதுகிறார். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே கிடைக்கும் ஓய்வு நேரத்தில், கைபேசியிலோ ஆசிரியர் அறைக் கணினியிலோ தட்டச்சு செய்து அனுப்புகிறார். பெறுகிற பெற்றோர் அலுவலகம் போகும் பேருந்திலோ அடுப்படியிலோ அதை ஒருமுறை பார்ப்பார். பிள்ளைக்கு எந்தக் கிழமை எந்த உடை, எத்தனை மணிக்குப் பள்ளி வாயிலில் நிற்க வேண்டும் என்பதை அந்த ஒரு பார்வையிலேயே முடிவு செய்துவிடுவார். அனுப்புவதற்கு முன் இன்னொருவர் அந்த மடலைப் படித்துத் திருத்தும்போது ஒற்றுப்பிழையையும் எழுத்துப்பிழையையும் மட்டும் பார்த்தால் போதாது. பெற்றோர் எடுக்கப்போகும் முடிவு சரியாக அமையுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

எட்டாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொண்ட மாதிரி மடல் இது. இதிலுள்ள பிழைகள் எல்லாம் பள்ளி மடல்களில் வழக்கமாகக் காணப்படுபவை.

பொருள்: முக்கிய அறிவிப்பு

மதிப்பிற்குறிய பெற்றோர்களுக்கு வணக்கம். சில தவிர்க்க முடியாத காரணங்களால் எட்டாம் வகுப்பு கால அட்டவணையில் மாற்றம் செய்யப்பட்டு உள்ளது என்பதை தங்களுக்கு தெரிவித்து கொள்கிறேன். விடுப்பில் இருக்கும் கணித ஆசிரியருக்கு பதிலாக வரும் ஆசிரியர் காலையில் மட்டுமே வர முடியும் என்பதால் வரும் திங்கள் 11.11.2025 முதல் கணிதம் முதல் பாடவேளையிலும் உடற்கல்வி புதனிலிருந்து வெள்ளிக்கும் மாற்றப்படுகிறது. மேலும் செவ்வாய் மற்றும் வியாழன் அன்று கணிதச் சிறப்பு வகுப்பு முடிந்து 4.45க்கு மாணவர்கள் அனுப்பப்படும். புதிய அட்டவணை படி புத்தகங்களை கொண்டு வரவும். பெற்றோர்கள் நேரத்திற்கு வந்து அழைத்து செல்வதோடு வெள்ளிக்கிழமை விளையாட்டு உடை அணிந்து வர வேண்டும். இந்த மாற்றம் 28ம் தேதி வரை இருக்கும். உங்கள் ஒத்துழைப்பிற்கு நன்றி. சந்தேகங்களுக்கு தொடர்பு கொள்ளவும்.

இதைக் கையில் வாங்கியதும் ‘மதிப்பிற்குறிய’ என்ற சொல்லில்தான் கண் போய் நிற்கும். கையும் உடனே திருத்தத் துடிக்கும். ஆனால் திருத்தத்தை எழுத்திலிருந்து தொடங்குவது வீண் வேலை. ஒரு வாக்கியத்தில் நான்கு ஒற்றுகளைப் போட்டு முடித்த பிறகு, அந்த வாக்கியமே தேவையில்லை என்று தெரியவரலாம். முதலில் செய்தி, பிறகு வாக்கியம், கடைசியில் எழுத்து என்று போனால் ஒரே இடத்தை இரண்டு முறை தொட வேண்டியிருக்காது.

முதல் வாசிப்பின்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மடலைப் பெறும் பெற்றோராகப் படிக்க வேண்டும். எது மாறுகிறது, எந்த நாளிலிருந்து, எந்த நாள் வரை, அதற்காகத் தான் என்ன செய்ய வேண்டும் என்பவைதான் அவருடைய கேள்விகள். மாதிரி மடலில் எது மாறுகிறது என்பதற்கு விடை இருக்கிறது. எந்த நாளிலிருந்து என்ற கேள்விக்கோ ஒன்றுக்கு இரண்டாக விடைகள் இருக்கின்றன. நாள்காட்டியைப் புரட்டினால் 11.11.2025 செவ்வாய்க்கிழமை, திங்கள்கிழமை வருவது 10ஆம் தேதி. ஆகவே பாதிப் பேர் திங்களன்றும் மீதிப் பேர் செவ்வாயன்றும் புதிய அட்டவணைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்து அனுப்புவார்கள்.

இந்த வகைப் பிழை எப்படி வருகிறது என்பதற்கு ஒரு தடயம் அந்தத் தேதியிலேயே இருக்கிறது. 2024இல் நவம்பர் 11 திங்கள்கிழமை. முந்தைய ஆண்டு அனுப்பிய மடலைத் திறந்து, ஆண்டை மட்டும் மாற்றி, அதன்மீதே புதிய மடலை எழுதினால் இப்படித்தான் ஆகும். ஆண்டுக்கு 365 நாள். அதை ஏழால் வகுத்தால் ஒரு நாள் மிஞ்சும். அதனால் அதே தேதி அடுத்த ஆண்டில் ஒரு கிழமை தள்ளி விழும்; இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை தள்ளிப்போகும். பழைய மடலிலிருந்து எடுத்து எழுதியது என்று சந்தேகம் வந்தால், ஒவ்வொரு தேதியையும் நாள்காட்டியோடு ஒத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த இடத்தில் திருத்துபவர் தானாக 11ஐ 10ஆக மாற்றிவிடக் கூடாது. கிழமை தவறா, தேதி தவறா என்பது அவருக்குத் தெரியாது. ஆசிரியர் உண்மையிலேயே செவ்வாயைத்தான் நினைத்திருக்கலாம். எழுத்துப்பிழையைக் கேட்காமல் திருத்தலாம், தகவல் பிழையைக் கேட்டுத்தான் திருத்த வேண்டும். மடலின் ஓரத்தில் ‘11.11.2025 செவ்வாய். தொடங்குவது திங்களா, செவ்வாயா?’ என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினால் போதும்.

‘வரும் திங்கள்’ என்பதிலும் சிக்கல் உண்டு. வெள்ளிக்கிழமை எழுதும் ஆசிரியருக்கு அது தெளிவாக இருக்கும். மூன்று நாள் கழித்து, திங்கள் மாலையில் மடலைத் திறக்கும் பெற்றோருக்கு அது அடுத்த வாரத் திங்களாகிவிடும். தேதியும் கிழமையும் சேர்ந்து இருக்கும்போது ‘வரும்’, ‘அடுத்த’ போன்ற சொற்களால் எந்தப் பயனும் இல்லை, எடுத்துவிடலாம். தேதியோடு கிழமையையும் சேர்த்து எழுதுவது மட்டும் விடக் கூடாத பழக்கம். மாதிரி மடலில் பிழை அகப்பட்டதே ஆசிரியர் இரண்டையும் எழுதியதால்தான். வெறும் தேதி மட்டும் இருந்திருந்தால் பிழை யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும்.

முடியும் நாளைப் பற்றிய வாக்கியத்தில் மாதமே இல்லை. ‘28ம் தேதி வரை’ என்றால் 28ஆம் தேதியும் புதிய அட்டவணைதானா, 27ஆம் தேதியோடு முடிகிறதா என்றும் கேட்கலாம். ‘வரை’ என்றால் அந்த நாளும் சேர்த்தி என்றுதான் பலரும் கொள்வார்கள். ஆனாலும் பழைய அட்டவணை திரும்பும் நாளைச் சொல்லிவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமிருக்காது. நவம்பர் 28 வெள்ளி. அப்படியானால் டிசம்பர் 1 திங்கள் முதல் பழைய அட்டவணை.

மடலில் இல்லாத ஒன்றும் இந்த முதல் வாசிப்பில்தான் தெரியவரும். செவ்வாயும் வியாழனும் பிள்ளைகள் 4.45க்குத்தான் வெளியே வருகிறார்கள் என்றால், பள்ளி வேனில் போகும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? வேன் காத்திருக்குமா, பெற்றோரே வந்து கூட்டிப்போக வேண்டுமா? ஆசிரியருக்கு இதற்கு விடை தெரிந்திருக்கும். தெரிந்திருப்பதாலேயே எழுத மறந்திருப்பார். இது இலக்கணப் பிழை அல்ல. ஆனால் மடல் போன பத்தாவது நிமிடத்தில் முதலில் வரும் தொலைபேசி அழைப்பு இதைக் கேட்பதாகத்தான் இருக்கும். எனவே ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் சேர்கிறது. ‘சந்தேகங்களுக்கு தொடர்பு கொள்ளவும்’ என்ற கடைசி வரியும் யாரை, எப்போது, எந்த வழியில் தொடர்புகொள்வது என்று சொல்லாமலே முடிகிறது.

ஆசிரியர் பதில் சொல்லிவிட்டார் என்று கொள்ளலாம். மாற்றம் 10ஆம் தேதி திங்கள் தொடங்குகிறது. 28ஆம் தேதியும் புதிய அட்டவணையில்தான் நடக்கும். சிறப்பு வகுப்பு நாட்களில் வேன் மாலை 5 மணிக்குப் புறப்படும். ஐயம் இருந்தால் இதே மடலுக்குப் பதில் எழுதலாம். இனி வாக்கியங்களுக்கு வரலாம்.

மடலின் நடுவிலுள்ள நீளமான வாக்கியம்தான் மிகவும் சிக்கலானது. ‘விடுப்பில் இருக்கும்’ என்று தொடங்கி ‘மாற்றப்படுகிறது’ என்று முடிவதற்குள் காரணம், தொடங்கும் நாள், கணித மாற்றம், உடற்கல்வி மாற்றம் என்று நான்கு செய்திகள் அதில் இருக்கின்றன. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளப் படிப்பவர் அந்த நான்கையும் மனத்தில் சுமந்துகொண்டே போக வேண்டியிருக்கிறது. போகும் வழியில் ‘11.11.2025 முதல் கணிதம் முதல் பாடவேளையிலும்’ என்ற இடம் வேறு வருகிறது. இரண்டாவது ‘முதல்’ என்பதைக் கண்டவுடன், கணிதம் தொடங்கி வேறு பாடங்கள் வரை என்று ஏதோ சொல்லப்போவதாக ஒரு கணம் தோன்றிவிடும். இதற்கு இலக்கண விதி எதுவும் மீறப்படவில்லை. உரக்கப் படித்தால் நாக்கு தடுக்கும் இடத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

இலக்கணம் உண்மையிலேயே உடைவது வாக்கியத்தின் முடிவில். ‘பாடவேளையிலும்’, ‘வெள்ளிக்கும்’ என்ற இரண்டும் ‘மாற்றப்படுகிறது’ என்ற ஒரே வினையைக் கொண்டு முடிகின்றன. வெள்ளிக்கு மாற்றலாம், பாடவேளையில் மாற்ற முடியாது. பாடவேளைக்குத்தான் மாற்ற வேண்டும். மாறுவன இரண்டு பாடங்கள் என்பதால் வினையும் ‘மாற்றப்படுகின்றன’ என்று பன்மையில் இருக்க வேண்டும். உருபையும் வினையையும் சரிசெய்தால் வாக்கியம் இலக்கணப்படி நேராகிவிடும். ஆனாலும் அது நீளமான வாக்கியமாகவே இருக்கும். இதை இரண்டாக வெட்டுவதே மேல்: கணிதத்துக்கு ஒன்று, உடற்கல்விக்கு ஒன்று.

அடுத்தது மடலிலேயே சிரிப்பை வரவழைக்கும் வாக்கியம். ‘பெற்றோர்கள் நேரத்திற்கு வந்து அழைத்து செல்வதோடு வெள்ளிக்கிழமை விளையாட்டு உடை அணிந்து வர வேண்டும்.’ எழுதியபடி படித்தால் வெள்ளிக்கிழமை அப்பாவும் அம்மாவும்தான் விளையாட்டு உடையில் வந்து நிற்க வேண்டும். தமிழில் எழுவாயைச் சொல்லாமல் விடுவது இயல்பு. பேச்சில் பாதி வாக்கியங்களுக்கு எழுவாயே இருக்காது. ஆனால் ஒரு வாக்கியத்துக்குள் எழுவாய் மாறும்போது புதிய எழுவாயைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் நிற்கும் எழுவாயே எல்லா வினைகளையும் பிடித்துக்கொள்ளும். முந்தைய வாக்கியமும் இதே நோயால் பாதிக்கப்பட்டதுதான். புத்தகங்களைக் கொண்டுவர வேண்டியவர் யார் என்று அதில் இல்லை. திருத்துபவர் ஒவ்வொரு வினைக்கும் ‘யார்?’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பெற்றோர் செய்ய வேண்டியதையும் மாணவர் செய்ய வேண்டியதையும் தனித்தனி வாக்கியமாக்கிவிட்டால் குழப்பம் தீரும்.

‘மாணவர்கள் அனுப்பப்படும்’ என்பது திணைப் பிழை. பொட்டலம் அனுப்பப்படும், மாணவர்கள் அனுப்பப்படுவார்கள். செயப்பாட்டு வினை எழுதும்போது இந்தப் பிழை அடிக்கடி நேர்கிறது. ‘அறிவிக்கப்படும்’, ‘நடத்தப்படும்’ என்று அஃறிணைப் பொருள்களுக்கே எழுதிப் பழகிய கை, உயர்திணைக்கும் அதே முடிவைப் போட்டுவிடுகிறது. இங்கே செயப்பாட்டு வினைக்கே தேவையில்லை என்பது வேறு விஷயம். ‘சிறப்பு வகுப்பு மாலை 4.45 மணிக்கு முடியும்’ என்றால் போதுமானது.

‘சில தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்பதை அப்படியே எடுத்துவிடலாம். காரணம் அடுத்த வாக்கியத்திலேயே இருக்கும்போது, முதலில் அதை மூடிமறைப்பதுபோல் எழுதுவது தேவையற்ற ஐயத்தைத்தான் கிளப்பும். பதில் ஆசிரியர் காலையில் மட்டுமே வர முடியும் என்ற விவரம் பெற்றோருக்கு வேண்டுமா என்பதை ஆசிரியரே முடிவு செய்யட்டும். கணித ஆசிரியர் விடுப்பில் இருக்கிறார் என்பதே போதும் என்று திருத்துபவர் பரிந்துரைக்கலாம்.

மடலின் நடையிலும் ஒரு சின்ன முரண் இருக்கிறது. ‘தங்களுக்கு’ என்று தொடங்கி ‘உங்கள்’ என்று முடிகிறது. இரண்டும் மரியாதைச் சொற்களே. எதை வைத்துக்கொண்டாலும் கடைசி வரை அதையே வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளி மடலுக்கு ‘உங்கள்’ பாதுகாப்பானது. ‘மாணவர்கள் தங்கள் உடையை’ என்று எழுதும்போது ‘தங்கள்’ மாணவரையே சுட்டும். அதே மடலில் பெற்றோரையும் ‘தங்கள்’ என்று அழைத்தால் படிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார்.

இனி எழுத்துப் பிழைகள். ‘மதிப்பிற்குறிய’ என்பது ‘மதிப்பிற்குரிய’ ஆக வேண்டும். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் வரவழைக்கும் பல விசைப்பலகைகளில் சின்ன r அடித்தால் ‘ர’ வரும், பெரிய R அடித்தால் ‘ற’ வரும். ந, ன, ண என்பவற்றுக்கும் ல, ள என்பவற்றுக்கும் இதேபோல் விசை மாற வேண்டியிருக்கிறது. அவசரத்தில் விரல் தவறினால் எழுத்து மாறிவிடும். கைபேசியில் எழுதினால், விசைப்பலகை காட்டும் முதல் சொல்லைத் தொட்டுவிட்டுப் போவதாலும் இது நேரும். எழுதியவருக்கு எழுத்து தெரியாது என்று நினைக்கத் தேவையில்லை. ஆனால் எந்தச் சொற்களை உற்றுப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது வழிகாட்டும்: ர-ற, ல-ள-ழ, ந-ன-ண வரும் சொற்களை ஒருமுறை தனியாகப் பார்த்துவிடலாம்.

ஒற்றுப் பிழைகளுக்கு மாதிரி மடலில் பஞ்சமே இல்லை. ஒன்பது இடங்களில் வல்லின ஒற்று விடுபட்டிருக்கிறது. புணர்ச்சி விதிகளை முழுவதும் நினைவில் வைத்திருப்பது தமிழாசிரியர்களுக்கே கடினம். ஆனால் இந்த ஒன்பதில் ஏழை மூன்றே விதிகள் தீர்த்துவிடும். ‘ஐ’ உருபுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: என்பதைத் தங்களுக்கு, புத்தகங்களைக் கொண்டு. ‘கு’ உருபுக்குப் பின்னும் மிகும்: தங்களுக்குத் தெரிவித்து, ஆசிரியருக்குப் பதிலாக, சந்தேகங்களுக்குத் தொடர்பு. ‘த்து’ என்பதுபோல் வல்லெழுத்து இரட்டித்து உகரத்தில் முடியும் வினையெச்சத்துக்குப் பின்னும் மிகும்: தெரிவித்துக்கொள்கிறேன், அழைத்துச் செல்வது. ‘வந்து’ போல மெல்லெழுத்தை அடுத்து முடியும் எச்சத்துக்குப் பின் மிகாது. ‘வந்துச் சென்றார்’ என்று எழுதுவதும் பிழைதான். மீதி இரண்டில் ஒன்று ‘வகுப்புக் கால அட்டவணை’.

இன்னொன்றைச் சற்று நின்று பார்க்கலாம், ஏனென்றால் அங்கே ஒற்று பொருளையே மாற்றிவிடுகிறது. ‘புதிய அட்டவணைப்படி’ என்றால் புதிய அட்டவணையின் முறையில் என்று பொருள். ஒற்றை விட்டு, இடைவெளியும் விட்டு ‘புதிய அட்டவணை படி’ என்று எழுதினால், அட்டவணையைப் படிக்கச் சொல்லும் கட்டளையாகிவிடும். அதுவும் பெற்றோரை ஒருமையில் விளித்து! ஒற்றும் இடைவெளியும் பெரும்பாலான இடங்களில் கண்ணுக்கு உறுத்தல் மட்டுமே. இப்படிச் சில இடங்களில்தான் பொருளைத் திருப்பிவிடும். நேரம் குறைவாக இருந்தால் இந்த இடங்களை முதலில் பிடிக்க வேண்டும். ‘செய்யப்பட்டு உள்ளது’ என்பதைச் சேர்த்து எழுதுவது நல்லது. ஆனால் அதனால் யாரும் தவறான நாளில் வந்து நிற்கப்போவதில்லை.

‘வாணி’ போன்ற எழுத்துப்பிழை திருத்திகளும் ‘நாவி’ போன்ற சந்திப்பிழை திருத்திகளும் இணையத்தில் கிடைக்கின்றன. ‘மதிப்பிற்குறிய’ போன்ற சொல்லையும் விட்டுப்போன ஒற்றுகளையும் கண்டுபிடிக்க இவை நல்ல துணை. ஆனால் ‘அட்டவணை’, ‘படி’ இரண்டும் தனித்தனியே சரியான சொற்கள் என்பதால் இத்தகைய இடங்களைக் கருவி பிடிக்கும் என்று நம்பிவிட முடியாது. திங்கள் என்ற சொல்லும் 11.11.2025 என்ற எண்ணும் கருவியின் கண்ணில் பிழையே இல்லை.

திருத்தாமல் விட வேண்டியவையும் உண்டு. ‘பெற்றோர்’ என்பதே பன்மை. ‘கள்’ சேர்க்கத் தேவையில்லை என்பது உண்மை. நாட்களா நாள்களா என்ற வழக்கும் தீர்ந்தபாடில்லை. இவற்றை ஆசிரியரோடு மல்லுக்கட்டித் திருத்துவதால் பெற்றோருக்கு ஒன்றும் தெளிவாகப்போவதில்லை. ஒரு மடலுக்குள் ஒரே வடிவம் இருந்தால் போதும். ‘கொண்டு வரவும்’ என்ற அலுவலகத் தொனியை ‘கொண்டு வரச் சொல்லுங்கள்’ என்று மாற்றுவதும் ஆசிரியரின் விருப்பம். கீழே பெயர் போடப்போகிறவர் அவர். மடல் அவர் குரலில்தான் இருக்க வேண்டும்.

கடைசியாகத் திருத்த வேண்டியது பொருள் வரி. ‘முக்கிய அறிவிப்பு’ என்று மாதம் பத்து மடல் வந்தால் எதைத் திறப்பது, பிறகு எதைத் தேடுவது? கைபேசித் திரையில் பொருள் வரியின் முதல் சில சொற்களே தெரியும் என்பதால், வகுப்பும் நாளும் அங்கேயே வந்துவிட வேண்டும். எல்லாத் திருத்தமும் சேர்ந்த மடல் இப்படி அமையும்:

பொருள்: 8ஆம் வகுப்பு: 10.11.2025 திங்கள் முதல் அட்டவணை மாற்றம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு வணக்கம்.

கணித ஆசிரியர் விடுப்பில் இருப்பதால், எட்டாம் வகுப்புக் கால அட்டவணை 10.11.2025 திங்கள்கிழமை முதல் 28.11.2025 வெள்ளிக்கிழமை வரை மாற்றப்பட்டுள்ளது. டிசம்பர் 1 திங்கள்கிழமை முதல் வழக்கமான அட்டவணை தொடரும்.

கணித வகுப்பு தினமும் முதல் பாடவேளையில் நடைபெறும். உடற்கல்வி வகுப்பு புதன்கிழமைக்குப் பதிலாக வெள்ளிக்கிழமை நடைபெறும். மாணவர்கள் விளையாட்டு உடையைப் புதன்கிழமைக்குப் பதிலாக வெள்ளிக்கிழமை அணிந்து வர வேண்டும்.

செவ்வாய், வியாழன் ஆகிய நாட்களில் கணிதச் சிறப்பு வகுப்பு மாலை 4.45 மணிக்கு முடியும். அந்த இரு நாட்களிலும் பள்ளி வேன் மாலை 5 மணிக்குப் புறப்படும். வேனில் வராத மாணவர்களைப் பெற்றோர் 4.45 மணிக்கு வந்து அழைத்துச் செல்லவும்.

முழு அட்டவணை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. மாணவர்கள் அதன்படி புத்தகங்களைக் கொண்டுவர வேண்டும். ஐயம் இருந்தால் இந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவும். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

வேலை இத்தோடு முடிந்துவிடவில்லை. திருத்தும்போதே புதிய பிழைகள் நுழையும். வாக்கியத்தை வெட்டி ஒட்டும்போது பழைய வாக்கியத்தின் வால் எங்காவது மிச்சம் இருக்கும். தேதியை ஓரிடத்தில் மாற்றி இன்னோரிடத்தில் விட்டிருப்போம். அதனால் மடலிலுள்ள எண்களை மட்டும் ஒருமுறை தனியே, இணைப்பாகச் செல்லும் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். மடல் வெள்ளி என்றும் இணைப்பு வியாழன் என்றும் சொன்னால் முன்பிருந்ததைவிடக் குழப்பம் கூடிவிடும். ‘இணைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதிவிட்டு இணைக்க மறந்த மடல்களுக்குக் கணக்கே இல்லை. பெற்றோரின் முகவரிகள் Bcc பெட்டியில் இருந்தால்தான் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. ‘எல்லாருக்கும் பதில்’ என்பதை ஒருவர் தவறுதலாக அழுத்தினாலும் அந்தப் பதில் வகுப்பு முழுவதற்கும் போகாது. ஆசிரியர் முதலில் மடலைத் தன் முகவரிக்கே அனுப்பி, கைபேசியில் திறந்து பார்த்துவிடலாம். கணினியில் கச்சிதமாகத் தெரிந்த பத்தி, சின்னத் திரையில் எப்படி உடைகிறது என்பது அப்போது தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் பிழையான தேதியோடு மடல் போய்விட்டால், திருத்த மடல் உடனே போக வேண்டும். பொருள் வரியின் முதல் சொல்லே ‘திருத்தம்’ என்று இருக்கட்டும். உள்ளே சரியான தேதியும் கிழமையும் முதல் வாக்கியத்திலேயே வர வேண்டும். ‘11ஆம் தேதி என்று தவறாகக் குறிப்பிட்டதை 10ஆம் தேதி என்று படிக்கவும்’ என்று எழுதினால், அவசரமாகப் பார்ப்பவர் மனத்தில் 11ஆம் தேதியே பதிந்துவிடக்கூடும். முந்தைய மடலைப் பொருட்படுத்த வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்து, திருத்திய மடல் முழுவதையும் அதன் கீழே மீண்டும் அனுப்ப வேண்டும். அப்போது எந்த மடலைத் தேடி எடுத்தாலும் பெற்றோர் கையில் முழுச் செய்தியும் ஒரே இடத்தில் இருக்கும்.